வாளிக்கடைக்காரரின் விளக்கக் கடிதம்

அன்றைக்கு முதல் வியாபாரமே மூடி போட்ட பெரிய வாளி. வாங்க வந்தவர் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. வாளியைத் தட்டிப் பார்த்தார், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், சிவப்பா நீலமா என்று கால் மணி நேரம் யோசித்தார், கடைசியில் முதலில் எடுத்ததையே எடுத்துக்கொண்டு மேஜை மேல் இருந்த க்யூஆர் அட்டைக்கு நேரே போனை நீட்டினார். போனைப் பார்த்தார். இன்னொரு தரம் நீட்டினார்.

"இந்த வணிகரால் தற்போது பணம் பெற இயலாதுன்னு வருதே" என்று பரீட்சை மார்க்கைப் படிப்பதுபோல உரக்கப் படித்தார்.

"நெட் சரியில்ல டீச்சர்" என்றார் கடைக்காரர்.

"எனக்கு நெட் நல்லாத்தானே இருக்கு?"

"எனக்குச் சரியில்ல."

வாத்தியாரம்மா கைப்பையைத் துழாவினார். வாளி வாங்கும் அளவுக்குக் கையில் காசு வைத்துக்கொண்டு இப்போது யார் நடமாடுகிறார்கள்? வாளியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "சாயங்காலம் வரேன்" என்று சொல்லிப் போனார். தெருமுனையில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட் பக்கம்தான் அவர் திரும்பினார் என்பதைக் கடைக்காரர் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தெருவில் எல்லோருக்கும் அவர் வாளிக்காரர். வாளி, குடம், கப், துணி மாட்டும் கிளிப், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி என்று பிளாஸ்டிக்கில் என்னவெல்லாம் செய்ய முடியுமோ அவ்வளவும் அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் கூரைவரை அடுக்கியிருந்தார். மேலே வீடு. கடையின் பின்பக்கச் சுவரை ஒட்டிப் படிக்கட்டு. அதில் ஏழாவது படியில் நின்று குனிந்தால் கடை முழுவதும் தெரியும்.

தன் போனைத் திறந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. பணம் செலுத்தும் ஆப்பில் கடைக் கணக்கின் மேலே சிவப்புப் பட்டை. "உங்கள் வணிகக் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது. வழக்கத்துக்கு மாறான பரிமாற்றங்கள் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளன. பரிசீலனை முடியும்வரை உங்களுக்குச் சேர வேண்டிய தொகை நிறுத்தி வைக்கப்படும்."

படித்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கவனிக்க வேண்டியது. நியாயமாக நடந்துகொண்ட மனிதன் என்றால் குதித்திருப்பான், கத்தியிருப்பான். இவருக்குக் காது மடல் மட்டும் சூடானது. வழக்கத்துக்கு மாறானது எது என்று அவருக்குத் தெரியும்.

மேலேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, பெட்டி என்ன இன்னிக்கு மௌன விரதமா?"

"நெட் இல்லம்மா" என்றார். அரை மணி நேரத்தில் இரண்டாவது முறை.

பெட்டி என்பது மேஜை ஓரத்தில் இருக்கும் உள்ளங்கை அளவு ஒலிப்பெட்டி. யாராவது பணம் போட்டால், "இருநூற்று நாற்பது வந்து சேர்ந்தது" என்று ஒரு பெண் குரலில் தெருவுக்கே அறிவிக்கும். ஒன்றரை வருடத்துக்கு முன் ஆப் கம்பெனியின் ஏரியா ஆள் அதைக் கொண்டுவந்து வைத்தார். சோதித்துப் பார்க்கத் தன் போனிலிருந்து ஒன்று போட்டார். "ஒன்று வந்து சேர்ந்தது" என்று பெட்டி முழங்கியதும் மேலே டொக் டொக் என்று இரண்டு தட்டல். மனைவிதான். இரும்பு ஸ்டூலைத் தூக்கித் தரையில் இரண்டு தரம் வைத்திருந்தாள். கேட்டேன், நல்லது என்று அர்த்தம். அன்று மூன்று பேரும் சிரித்தார்கள். அதன்பிறகு அது பழக்கமாகிவிட்டது. விடுமுறை நாளிலும், அவள் வேலைக்குக் கிளம்பும் முன்னும், திரும்பி வந்த பின்னும், பெட்டி பேசினால் ஸ்டூல் பதில் சொல்லும்.

அவளுக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கடிதப் பிரிவில் வேலை. பத்தொன்பது வருடம். முடங்கிய பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி ஊரெல்லாம் எழுதும் விளக்கக் கடிதங்களைப் படித்துப் பதில் தயாரிப்பது. எந்தக் கடிதத்தில் எந்த வரி பொய் என்று மோப்பம் பிடித்துவிடுவாள் என்று அலுவலகத்தில் அவளுக்குப் பெயர். வீட்டில் அந்த மூக்கு ஏன் வேலை செய்யவில்லை என்றால், வீட்டில் யார் மோப்பம் பிடித்துக்கொண்டு திரிவார்கள்?

சூப்பர் மார்க்கெட் வந்த பிறகுதான் எல்லாம். அங்கே வாளி வாங்கினால் கப் இலவசம். இவரிடம் கப் வாங்கினால் கப்தான். பெட்டி மணிக்கணக்கில் வாயைத் திறக்காமல் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே மைத்துனன் வந்து உட்கார்ந்திருந்தான். வந்து ஒன்றரை மணி நேரமாகியும் கீழே ஒரு சத்தம் இல்லை. "மாமாவுக்கு வியாபாரம் எப்படிக்கா?" என்று அவன் கேட்டதும், அவள், "அதுக்கென்ன, நல்லாத்தான் போகுது" என்றதும் படிக்கட்டு வழியாகத் தெளிவாக இறங்கி வந்தன. அந்த "நல்லாத்தான்" என்ற வார்த்தையில் இருந்த முட்டுக்கொடுத்தல் அவரைக் குத்தியது.

மேஜை இழுப்பறையில் மனைவியின் பழைய போன் கிடந்தது. அவள் புது போனும் புது எண்ணும் வாங்கிய பிறகு, பழைய எண்ணோடு அதை இவரிடம் கொடுத்திருந்தாள். அவளுடைய சம்பளக் கணக்கு அந்த எண்ணோடுதான் சேர்ந்திருந்தது. மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் கட்ட ரகசிய எண்ணையும் அவளே சொல்லியிருந்தாள். அவர் அதை எடுத்தார். தன் கடை அட்டைக்கு நேரே தானே பிடித்தார்.

"முந்நூற்று அறுபது வந்து சேர்ந்தது."

டொக் டொக்.

அவ்வளவுதான். மறுநாள் காலை அந்த முந்நூற்று அறுபது கடைக்கான வங்கிக் கணக்கில் வந்து விழுந்ததும், பொட்டு குறையாமல் அவள் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டார். யாருக்கும் நஷ்டமில்லை. காசு ஒரு நடை போய் வந்தது, அவ்வளவே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அதன்பிறகு அவள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து தினமும் ஒன்று, இரண்டு. மந்தமான நாளில் மூன்று. தொகையைக்கூட யோசித்துத்தான் போடுவார். ஒரு வாளிக்கு என்ன விலையோ அது. ஒரு குடம், இரண்டு கப்புக்கு என்ன வருமோ அது. கள்ளத்திலும் கணக்கு சுத்தம்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவள் படியிறங்கி வந்து கடையில் நின்றாள். "ஏங்க, கடைதான் இப்ப நல்லாப் போகுதே. எனக்கு முதுகு வலி தாங்கல. வேலையை விட்டுடலாம்னு பார்க்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. அவர் துணி கிளிப் பாக்கெட்டுகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டே, "உன் இஷ்டம்மா" என்றார்.

இப்போது கணக்கு முடங்கி இரண்டாவது நாள். உதவி எண்ணுக்கு அழைத்து, ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சொன்னதையெல்லாம் அழுத்தி, இருபது நிமிடம் ஒரே இசையைக் கேட்டு, ஒரு பெண்ணிடமிருந்து புகார் எண் வாங்கினார். விளக்கக் கடிதம் அனுப்புங்கள் என்றாள். சாயங்காலம் ஏரியா ஆள், தோளில் பையோடு நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனுஷன். வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தன் போனில் ஒரு பட்டியலைத் திறந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஒரே ஆள் நாலு மாசத்துல நூத்தி நாப்பத்திரண்டு தடவை உங்க கடைக்குப் பணம் போட்டிருக்காங்க. அந்தப் பணம் மறுநாளே உங்க பேங்க்ல இருந்து அவங்களுக்கே திரும்பிப் போயிருக்கு. பேங்க்ல இருந்தே கேட்டிருக்காங்க. எங்க சிஸ்டத்துக்கு இது பணத்தைச் சுத்தி விடற மாதிரிதான் தெரியும். கேஷ்பேக்குக்காக சிலர் செய்வாங்க, லோன் வாங்க விற்பனையைக் கூட்டிக் காட்டறதுக்கு செய்வாங்க, இல்லேன்னா கறுப்புப் பணம். நீங்க எதுக்குச் செஞ்சீங்க?"

வாளிக்காரர் தெருவைப் பார்த்தார். "வீட்டுக்காரிதான். சாமான் வாங்கினா."

"நூத்தி நாப்பத்திரண்டு தடவையா?"

"வாளி, குடம்..."

ஏரியா ஆள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "அண்ணே, அப்படி எழுதினா பில் கேட்பாங்க. மேல வீட்டுல நூத்தி நாப்பத்திரண்டு வாளியை எங்க வெச்சிருக்கீங்கன்னு கேட்பாங்க. பொய்னு தெரிஞ்சா நிரந்தரமா மூடிடுவாங்க, அப்புறம் திறக்கவே மாட்டாங்க. வேற ஆப்புக்குப் போகலாம்னு நினைச்சாலும் அதே கடைப் பதிவு, அதே பேங்க் கணக்குதானே? அங்கேயும் கேள்வி வரும். உண்மையை எழுதுங்க. கடைப் பதிவு, அடையாள அட்டை, கடை போட்டோ, சரக்கு வாங்கின பில் நாலஞ்சு, எல்லாம் சேர்த்து ஆப்புலயே ஏத்திடுங்க. அப்புறம் ஒண்ணு."

"என்ன?"

"பணம் போட்டவங்களும் கையெழுத்துப் போட்டு ஒரு உறுதிமொழி கொடுக்கணும். அவங்களுக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சுன்னோ, ஆட்சேபணை இல்லன்னோ. அவங்க 'என் கணக்கை எனக்குத் தெரியாம பயன்படுத்தினாங்க'ன்னு சொல்லிட்டா..." அவர் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது வேற கதை ஆயிடும். அது எங்க கையில இருக்காது."

அவர் போனபின் வாளிக்காரர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மனைவியின் கையெழுத்தை ஓரத்தில் போட்டுப் பார்த்தார். இரண்டாவது எழுத்தின் சுழி அப்படியே வந்தது. வந்ததும் பயந்துபோய்த் தாளைக் கிழித்துக் குப்பை வாளியில் போட்டார். அந்த வாளியும் விற்பனைக்கு வைத்திருந்ததுதான். கிழித்த துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தன் கடையில் தானே திருடன்போல நடந்துகொள்ளும் மனிதனைப் பற்றி என்ன சொல்ல?

மறுநாள் மத்தியானம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேலே போனார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த இரும்பு ஸ்டூல்.

"நெட்காரன் வந்தானா?" என்றாள்.

"நெட் இல்ல. கணக்கை முடக்கிட்டாங்க."

"எதுக்கு?"

அவர் ஏரியா ஆள் அனுப்பியிருந்த பட்டியலைத் திறந்து போனை நீட்டினார். வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்த கோழைத்தனத்தை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை எடுத்துப் போட்டாள். பத்தொன்பது வருடம் படித்த கண். மேலிருந்து கீழே ஒரே சீராக இறங்கியது.

"இது என் பழைய நம்பர்."

"ஆமா."

"நான் யாருக்கும் பணம் அனுப்பலையே. இது நம்ம கடைக்குல்ல போயிருக்கு?"

"நான்தான் போட்டேன்."

அவள் ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. நேரங்களைப் படிக்க ஆரம்பித்தாள். காலை எட்டே கால், அவள் அலுவலகம் கிளம்பும் நேரம். சாயங்காலம் ஆறு பத்து, அவள் வந்து செருப்பைக் கழற்றும் நேரம். ஞாயிறு பதினொன்றரை.

"இது தம்பி வந்திருந்த அன்னிக்கு" என்றாள்.

"ம்."

விரல் நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றுவிட்டது. அவர் எட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அது எந்தத் தேதி என்று அவருக்குத் தெரியும். அந்த வாரம் மட்டும் பதினேழு முறை.

"அந்த வாரம் நான் முதுகு வலின்னு லீவுல இருந்தேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "ஸ்டூல் மேல உக்காந்துகிட்டு எண்ணிட்டே இருந்தேன். மழை நாள்லகூட வியாபாரம் நடக்குதே, இனிமே நான் வேலைக்குப் போகாட்டியும் சமாளிச்சிடலாம்னு. திங்கக்கிழமை போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே செஞ்சேன்?"

"கேட்டே."

"என்ன சொன்னீங்க?"

உன் இஷ்டம்மா என்ற அந்த இரண்டு வார்த்தையை இப்போது அந்த அறையில் இன்னொரு தரம் சொல்லும் திராணி அவருக்கு இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்திரண்டு வயதில், சொந்த வீட்டில், வெட்கம் பிடுங்கித் தின்ன, தரையில் சிந்திக் கிடந்த கீரைத் தண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் எழுந்துபோய் லேப்டாப்பை எடுத்துவந்தாள்.

"விளக்கக் கடிதம் கேட்டிருப்பாங்களே?"

"ஆமா. நானே எழுதிடறேன். நீ கையெழுத்து மட்டும்..."

"நீங்க எழுதின லட்சணம்தான் தெரியுமே. உக்காருங்க."

உட்காரச் சொன்னது அந்த ஸ்டூலில். உட்கார்ந்தார். அவள் தட்ட ஆரம்பித்தாள். வணிகர் எண், கடையின் பெயர், புகார் எண், முடக்கப்பட்ட தேதி எல்லாம் கேட்டு வாங்கி முகப்பில் அடித்தாள். விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. பிறகு நின்றன.

"காரணம்னு ஒரு வரி வேணும். அதுதான் முதல்ல படிப்பாங்க. சொல்லுங்க, அடிக்கறேன்."

"வியாபாரம் டல்லா இருந்துச்சுன்னு போடு."

"அது காரணம் இல்ல. வியாபாரம் டல்லா இருக்கற கடை எல்லாம் இப்படியா செய்யுது?"

"வியாபாரம் நடக்கற மாதிரி இருக்கணும்னு."

"யாருக்கு? கடனுக்கா? பேங்குக்கா? அதைச் சொல்லலேன்னா அதுக்குத்தான்னு எடுத்துக்குவாங்க. நான் அங்க இருந்தா அப்படித்தான் எடுத்துப்பேன்."

"உனக்கு" என்றார்.

விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன.

"நீ ஸ்டூலைத் தட்டுவியே" என்றார் அவர். "அது கேட்கணும்னு. ஒருநாள் முழுக்கத் தட்டலேன்னா மேலே வந்து உன் முகத்தைப் பார்க்கக் கூச்சமா இருந்துச்சு."

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். கொஞ்ச நேரம் துடைத்தாள். பிறகு போட்டுக்கொண்டு அடித்தாள். முடித்ததும், அலுவலகத்தில் அடுத்த மேஜைக்குப் படித்துக் காட்டுவாளே, அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தாள்:

"ஐயா, மேற்படி வணிகக் கணக்கை மீண்டும் செயல்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் உள்ள நூற்று நாற்பத்திரண்டு பரிமாற்றங்களும் விற்பனை அல்ல. என் மனைவியின் கணக்கிலிருந்து நானே செலுத்தி, மறுநாள் அவர் கணக்குக்கே திருப்பினேன். இதன்மூலம் கேஷ்பேக், கடன், வேறு ஆதாயம் எதுவும் பெறவில்லை. பெற விண்ணப்பிக்கவும் இல்லை. காரணம்: கடையில் விற்பனை குறைந்திருந்தது. பணம் வந்ததாக ஒலிப்பெட்டி அறிவிப்பது கடைக்கு மேலே வசிக்கும் என் மனைவிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இவ்வாறு செய்தேன். இது தவறு. இனி செய்ய மாட்டேன். என் கடையின் உண்மையான விற்பனை இப்பட்டியலுக்கு வெளியே உள்ளது. அது குறைவுதான். ஆனால் அதைக்கொண்டே நாங்கள் வாழ வேண்டியிருக்கிறது."

"கடைசி வரி வேணுமா?" என்றார் அவர்.

"வேணும். அது எனக்காக."

அந்தக் கடிதத்தை எந்த ஊரில் எந்த மேஜையில் யார் படிப்பார்கள், படித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியைக் கூப்பிட்டு எப்படிச் சிரிப்பார்கள் என்று அவர் மனம் ஓடியது. ஓடி, உடனே திரும்பியும் வந்தது. முகம் தெரியாத ஆள் சிரித்தால் என்ன? படிக்கக் கூடாத ஒரே ஆள் எழுதியே முடித்துவிட்டாள்.

அடுத்த பக்கத்தில் அவளுடைய உறுதிமொழி. அதை அவள் வாசிக்கவில்லை. முதல் வரியில் "எனக்குத் தெரியாமல்" என்று அடித்ததை அவர் பார்த்தார். அந்த வார்த்தையிலேயே கர்சர் துடித்துக்கொண்டு நின்றது. ஏரியா ஆள் சொன்னதை அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தார். அவளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பத்தொன்பது வருடம் பொய் வரி எழுதாத கை அது. எழுதச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் இல்லை. எழுதாதே என்று சொல்லத் துணிவும் இல்லை.

அவள் அந்த வார்த்தையை அழித்தாள். மெதுவாக வேறு அடித்து லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"மேற்கண்ட போனையும் ரகசிய எண்ணையும் வீட்டுக் கட்டணங்கள் செலுத்துவதற்காக என் கணவரிடம் நானே நம்பிக் கொடுத்தேன். பட்டியலில் உள்ள பரிமாற்றங்களை இன்று பார்த்தேன். தொகை முழுவதும் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. இது குறித்து எனக்கு ஆட்சேபணை இல்லை."

பொய் ஒரு வரியும் இல்லை. "நம்பி" என்ற வார்த்தையை அவர் இரண்டு தரம் படித்தார். எடுத்துவிடச் சொல்ல நாக்கு வரை வந்தது. அது ஒன்றுதான் அந்தத் தாளில் அவள் தனக்காகப் போட்டுக்கொண்டது என்று பட்டது. அப்படியே விட்டுவிட்டார். அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையோடு படம் பிடித்து அவளே ஆப்பில் ஏற்றினாள். ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள் ஆகும் என்று திரை சொன்னது.

அன்று சாயங்காலம் அவள் இன்னொரு கடிதமும் அடித்தாள். தன் பழைய அலுவலகத்துக்கு. ஒருவேளை இடம் காலியாக இருந்தால் மீண்டும் சேர விரும்புவதாக. அதில் காரணம் என்ற இடத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று மட்டும் இருந்தது.

அந்த நாட்களை அவர் எப்படி ஓட்டினார் என்று கேட்கக் கூடாது. க்யூஆர் அட்டையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தார். கையில் காசு இருந்தவர்கள் வாங்கினார்கள், இல்லாதவர்கள் தெருமுனைக்குப் போனார்கள். வாத்தியாரம்மா சூப்பர் மார்க்கெட் வாளியோடு, அதற்குள் இலவசக் கப்போடு, கடையைத் தாண்டிப் போனார். போகும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டார். மேலே சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தது. பேச்சும் கிடைத்தது: உப்பு போதுமா, தண்ணீர் வேண்டுமா, மின்கட்டணம் கட்டியாச்சா. பழைய போனை அவள் கேட்கவில்லை. அவரே கொண்டுபோய் அவள் அலமாரியில் வைத்தார். அவள் பார்த்தாள். மறுநாள் ரகசிய எண்ணை மாற்றிவிட்டாள். அது சரிதான் என்று அவருக்கே தோன்றியது. சரி என்று தோன்றியதால் வலி குறைந்துவிடவில்லை.

ஆறாவது வேலை நாள் பதில் வந்தது. "உங்கள் விளக்கம் ஏற்கப்பட்டது. வணிகக் கணக்கு மீண்டும் செயல்படுத்தப்படுகிறது. நிறுத்தி வைத்த தொகை நாளை உங்கள் வங்கிக் கணக்கில் சேரும். அடுத்த மூன்று மாதங்களுக்கு உங்கள் கணக்கு கண்காணிப்பில் இருக்கும். விற்பனை அல்லாத பரிமாற்றம் மீண்டும் நிகழ்ந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். ரகசிய எண்ணை எவருடனும், குடும்பத்தினருடனும் பகிர வேண்டாம்."

அவளுடைய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவள் இடத்தில் போன மாதமே வேறொருவரைப் போட்டுவிட்டார்கள் என்று பழைய தோழி ஒருத்தி போனில் சொன்னாளாம்.

மறுநாள் ஏரியா ஆள் வந்து பெட்டியைத் தூசி தட்டி எழுப்பினார். "டெஸ்ட் பண்ணிடலாம்ணே" என்று ஒன்று போட்டார்.

"ஒன்று வந்து சேர்ந்தது."

வாளிக்காரர் தன்னையறியாமல் கூரையைப் பார்த்தார். ஸ்டூல் சத்தம் வரவில்லை. காலடிச் சத்தம் வந்தது. படிக்கட்டில் இறங்கி, ஏழாவது படியில் நின்றது. மனைவி குனிந்து கடைக்குள் பார்த்தாள். ஏரியா ஆளைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள், தலையசைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

"அண்ணிக்கு என்ன வேணுமாம்?" என்றார் ஏரியா ஆள்.

"ஒண்ணும் இல்ல" என்றார் இவர். அவருக்குப் புரிந்துவிட்டது. இனி பெட்டி பேசும்போதெல்லாம் அவள் இறங்கி வருவாள். கோபத்தில் அல்ல. காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்காமல் அவளால் இனி நம்ப முடியாது, அவ்வளவுதான். அந்தக் காதைக் கெடுத்தது அவர்தான்.

பதினோரு மணிவரை யாரும் வரவில்லை. பிறகு கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி வேண்டும் என்றாள். ஓரம் வழவழப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். விலை பேசவே இல்லை. அட்டைக்கு நேரே போனை நீட்டினாள்.

"நானூற்று ஐம்பது வந்து சேர்ந்தது."

படிக்கட்டில் காலடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் மேஜைக்கு முன்னால், படிக்கட்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஆறு, ஏழு. காலடி நின்றது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பில் எழுதுவதை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, இரண்டடி ஒதுங்கிச் சுவரோரமாக நின்றார். தொட்டி வாங்க வந்தவள் படியிலிருந்து நன்றாகத் தெரியட்டும் என்று.